ஒரே வகுப்பில் இரண்டு சாம்பல்



2025-ம் வருஷம் விபூதிப் புதன் மார்ச் மாதம் 5-ந் தேதி வந்தது. அன்று காலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு, நெற்றியைத் துடைக்காமல் அப்படியே பள்ளிக்கூடம் போன நம் பங்குச் சிறுவன் ஒருவன், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தன் உயிர்த் தோழனை இழந்துவிட்டான். இருவரும் ஏழாம் வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே தெரு. இருவர் தகப்பன்மாரும் துறைமுகத்தில் வேலை. தோழன் சைவக் குடும்பத்துப் பிள்ளை. தினமும் குளித்து நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டுதான் வருவான்.

நடந்தது இவ்வளவுதான். தோழன் இவன் நெற்றியைப் பார்த்து, "டேய், நீயும் விபூதி பூசிட்டியா?" என்று சந்தோஷமாய்க் கேட்டிருக்கிறான். கேட்டதில் குற்றமில்லை. நாமே அந்த நாளை விபூதிப் புதன் என்றுதானே சொல்லுகிறோம்! ஆனால் சுற்றியிருந்த பையன்கள் சிரித்தபடியால் நம் பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது உங்க சாணிச் சாம்பல் இல்லடா, இது மந்திரிச்சது" என்று சொல்லிவிட்டான். பிறகு யார் யாரைத் தள்ளினார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

சாயந்தரம் தோழனுடைய தாயார் அறைவீட்டுக்கு வந்தாள். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறவள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. எம் புள்ள நெத்தியில இருக்கிறது சாணியா? உங்க புள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றாள். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில், "உன் நெற்றியில் பூசிய சாம்பல் எதை எரித்தது?" என்று கேட்டேன். விறகு என்றான் ஒருவன். ஊதுபத்திச் சாம்பல் என்றாள் ஒரு சிறுமி. சரியான விடை சொன்னது ஒரே ஒரு பிள்ளை. அதுவும் கோயில்பிள்ளையின் பேத்தி. ஆகையால் இந்த வாரம் பிரசங்கத்தை விட்டு, சாம்பலைப் பற்றியே பேசுவோம்.

நம்முடைய சாம்பல் ஓலையின் சாம்பல். முந்தின வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்து உங்கள் கையில் கொடுத்த தென்னங்குருத்தோலையை நீங்கள் சிலுவையாகவோ கிலுகிலுப்பையாகவோ பின்னி, வீட்டில் படத்துக்குப் பின்னாலோ நிலைப்படிக்கு மேலோ செருகி வைக்கிறீர்கள் அல்லவா? அந்த ஓலையே ஒரு வருஷம் காய்ந்து, திரும்பக் கோயிலுக்கு வந்து, சாம்பலாகிறது. சேசுநாதர் சுவாமி எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் மகிழ்ந்து பிடித்த ஓலைக்கு அடையாளம் இது. அதே ஜனங்கள் சில நாளைக்குள் என்ன கூக்குரலிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷத்து உற்சாகம்தான் இந்த வருஷத்துச் சாம்பல். இதைப் பிள்ளை தெரிந்துகொண்டாலே பாதி விடை கையில் வந்துவிடும்.

எரிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர ஓலை புகையுமே தவிர எரியாது. வாயகன்ற இரும்புச் சட்டியில், காற்றில்லாத மூலையில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரிக்கிறோம். கட்டியிருந்த நூல், ரிப்பன், பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்; ஒரு பிளாஸ்டிக் பூ உருகினால் அந்தச் சட்டிச் சாம்பல் முழுவதும் பாழ். ஒரு கிலோ காய்ந்த ஓலைக்கு ஒரு கைப்பிடிச் சாம்பல் தேறினால் அதிகம். பாதி எரிந்ததும் மூடினால் கரி மிச்சமிருந்து சாம்பல் கறுப்பாயிருக்கும். முற்றிலும் எரியவிட்டால் வெளுத்துப் போகும். வெளுத்த சாம்பல் நம் கறுத்த நெற்றியில் நன்றாய்த் தெரியும், கறுப்புச் சாம்பல் நன்றாய் ஒட்டும். கோயில்பிள்ளைக்கும் எனக்கும் இதில் வருஷா வருஷம் வழக்கு. ஆறினபின் மெல்லிய துணியில் சலித்து டப்பாவில் அடைக்கிறோம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. எந்தச் செடியின் சாம்பலிலும் காரம் உண்டு. அந்தக் காலத்தில் சாம்பலால் பாத்திரம் தேய்த்ததும் துணி வெளுத்ததும் அதனால்தான். அதில் தண்ணீரை ஊற்றிக் கூழாகக் குழைத்தால் காரம் கரைந்து, இளந்தோலில் எரிச்சலும் சில சமயம் புண்ணும் உண்டாகும். ஆகையால் உலர்ந்த சாம்பலின்மேல் தீர்த்தம் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்கு நெற்றி சிவந்தால் உடனே கழுவிவிடுங்கள், கழுவுவது பாவமல்ல.

இனி தோழனுடைய திருநீற்றுக்கு வருவோம். நான் அதைப் பற்றி ஊகித்துப் பேச விரும்பாமல், திருவொற்றியூரில் இருக்கும் அந்தப் பையனுடைய பாட்டனாரிடமே போனேன். தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பெரியவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினார். எதிராளியின் அடையாளத்தை எதிராளியிடமே கேள் என்பதை நம் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக வைக்கலாம். அதைக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை என்பதை அன்று கண்டேன்.

அவர் சொன்னது இது. திருநீறு பசுவின் சாணத்திலிருந்து வருவது மெய்தான். அதை அவர்கள் மறைக்கவில்லை. நோயில்லாத பசுவின் சாணத்தை மந்திரம் சொல்லி எடுத்து, உருண்டை பிடித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். தரையில் விழுமுன் ஏந்தின சாணம் மிகச் சிறந்ததென்று எண்ணுகிறார்கள். பிறகு நெற்பதரைப் பரப்பி, அதன்மேல் உருண்டைகளை அடுக்கி, மேலும் பதரால் மூடி, சிவராத்திரியன்று மூட்டம் போடுகிறார்கள். அது கொழுந்துவிட்டு எரியக் கூடாது. உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் கனிய வேண்டும். நன்றாய் வெந்த உருண்டை வெண்மையாய் இருக்கும். கறுத்தது வேகாதது, அதைத் தள்ளிவிடுவார்கள். வெந்ததை உடைத்துத் துணியில் வடிகட்டி எடுப்பதுதான் திருநீறு. இப்போது கடையில் வாசனை சேர்த்துப் பொட்டலமாய் விற்பதில் பலவும் இந்த முறையில் செய்ததல்லவென்று பெரியவருக்கு மிகுந்த வருத்தம்.

அதை மூன்று வரியாக இடுவதற்குப் பல கருத்து சொல்வதுண்டு. அவர் எனக்குச் சொன்னது, ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்களும் எரிந்துபோக வேண்டும் என்பது. எல்லாம் வெந்த பிறகு மிஞ்சுவது நீறு. உடம்பும் ஒரு நாள் அதுவாகும். திருஞானசம்பந்தர் பாண்டியனுடைய சுரத்தைத் தீர்க்க மதுரையில் பாடின திருநீற்றுப் பதிகத்தையும் சொன்னார். பிறகு, கடற்கரை ஓரமாய் இருக்கும் பட்டினத்தார் சமாதியைக் காட்டி, "கப்பல் கப்பலா வாணிபம் பண்ணினவர், கடைசியில கோவணத்தோட இங்க வந்து அடங்கினார். நெத்தியில இருக்கிறதுக்கு அர்த்தம் அதுதான் சாமி" என்றார். துறைமுகத்தை ஒட்டி வாழுகிற நமக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுடையது சாணத்திலிருந்து, நம்முடையது ஓலையிலிருந்து. அவர்கள் தினமும் இடுகிறார்கள், நாம் வருஷத்தில் ஒரு நாள். அவர்கள் தாமே இட்டுக்கொள்ளலாம். நமக்குக் குருவானவரோ அவர் நியமித்தவரோ பூசுகிறார். அவர்களுடையதும் மந்திரம் சொல்லிச் செய்ததே. நம் சிறுவன் "இது மந்திரிச்சது" என்று சொன்னதில் பெருமைக்கு இடமேயில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், அது சொல்லும் செய்தியில் இருக்கிறது. சைவருக்குத் திருநீறு சிவனுடைய அருளின் சின்னம். அது தூய்மையாக்கும், காக்கும் என்பது அவர்கள் விசுவாசம். நமக்கோ சாம்பல் மனஸ்தாபத்தின் அடையாளம். மண்ணாயிருக்கிற மனிதன் மண்ணுக்கே திரும்புவான் என்று ஆதாமுக்குச் சர்வேசுரன் சொன்னதை நினைப்பூட்டியோ, அல்லது மனந்திரும்பிச் சுவிசேஷத்தை விசுவசிக்கும்படி சொல்லியோ குரு அதைப் பூசுகிறார். அதைச் சிலுவை வடிவில் பூசுவதால், சாவைச் சொல்லும் அதே கோட்டில் இரட்சிப்பும் சொல்லப்படுகிறது. ஞானஸ்நானத்தில் அதே நெற்றியில் வரைந்த சிலுவையின்மேலேயே இந்தச் சிலுவையும் விழுகிறது.

ஒரே பெயர் ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் முன்னோர் தமிழில் வேதம் கற்றபோது, ஏற்கெனவே ஊரில் வழங்கின விபூதி என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்துக்கொண்டார்களே ஒழிய, பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றித் திருச்சபையில் நூறு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் சங்கைக்குரிய ராபர்ட் தெ நொபிலி சுவாமியார், புதுக் கிறிஸ்தவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாமா என்று உரோமைக்கு எழுதினார். இவை குலவழக்கமும் அலங்காரமுமே, தேவ ஆராதனையல்ல என்பது அவருடைய வாதம். 1623-ல் 15-ம் கிரகோரியார் பாப்பரசர், விக்கிரக வழிபாட்டோடு சேராத வகையில் அவற்றை அனுமதித்தார். ஆனால் 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் வெளியிட்ட கட்டளை, சாணச் சாம்பலைப் பூசுவதையும் நெற்றிக் குறிகளையும் கிறிஸ்தவர்களுக்கு விலக்கிற்று. 1744-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் இந்த வழக்கையெல்லாம் முடித்துவைத்தார். அக்காலத்துக் கட்டளைகளின் கடுமை எனக்கு உவப்பில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இது வெறும் அழகா, ஊர் வழக்கமா, அல்லது வழிபாடா? எந்த அடையாளத்தைக் குறித்தும் இந்தக் கேள்வியைக் கேட்டால் குழப்பம் தீரும். சந்தனம் அழகுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் இருக்கலாம். திருநீறு அப்படியல்ல, அது வழிபாடு. அதை வழிபாடு என்று ஒத்துக்கொள்வதே அதற்குக் கொடுக்கும் மரியாதை.

ஆகையால் தோழன் வீட்டில் திருநீற்றுத் தட்டை நீட்டினால் என்ன செய்வதென்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு என் விடை இதுவே: "எங்க வீட்டு முறை வேற, பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று கைகூப்பிச் சொல்லட்டும். அன்போடு யாராவது கேளாமலே பூசிவிட்டால், அவர்கள் கண்ணெதிரே துடைக்க வேண்டாம். நான் இதுவரை பார்த்ததில், கைகூப்பிச் சொன்னதற்காக எந்த வீட்டிலும் பிள்ளையைத் துரத்தினதில்லை.

மறுபுறமும் கேள்வி வரும். "எனக்கும் உங்க சாம்பலைப் பூசுவாங்களா?" என்று அந்தத் தோழனே பிறகு கேட்டான். பூசலாம். திவ்விய நற்கருணை வேறு, இது வேறு. சாம்பல் ஏழு தேவதிரவிய அநுமானங்களில் சேர்ந்ததல்ல. திருச்சபை ஏற்படுத்தின பக்தி அடையாளம். மந்திரிப்புகளைக் கத்தோலிக்கரல்லாதாருக்கும் கொடுக்கத் திருச்சபைச் சட்டம், 1170-ம் இலக்கத்தில், இடம் தருகிறது. அதைப் பூசிக்கொள்வதால் ஒருவன் கிறிஸ்தவன் ஆகிவிடுகிறதில்லை. ஆனால் சிறு பிள்ளையானால் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் நான் பூசமாட்டேன். அந்தப் பையனிடம் அதைச் சொன்னபோது, "அம்மா வேணாம்னு சொல்லுவாங்க" என்றான். "அப்போ வேண்டாம், தம்பி" என்றேன். விஷயம் அதோடு முடிந்தது.

வகுப்பில் இன்னொரு பையன், அவன் எந்த வேதத்தானோ தெரியாது, கெட்டிக்காரன், ஒரு கேள்வி கேட்டானாம்: "ஒருசந்தி இருக்கிறபோது முகத்தைக் கழுவிக்கொள் என்று உங்க புஸ்தகத்திலேயே இருக்கிறதே, பிறகு ஏன் கரியோடு சுற்றுகிறீர்கள்?" அவன் சொன்னது மெய். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 6-ம் அதிகாரம். விபூதிப் புதன் பூசையில் நாம் வாசிப்பதே அந்தப் பகுதிதான்! இதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். சாம்பலை நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. பிறர் பார்க்க வேண்டுமென்று வைத்திருந்தால் அது சேசுநாதர் கண்டித்த காரியமே. இத்தாலி, போலந்து முதலிய தேசங்களில் நெற்றியில் பூசாமல் உச்சந்தலையில் சாம்பலைத் தூவுகிறார்கள். அங்கே வெளியே வந்தால் ஒருவருக்கும் தெரியாது. அன்றியும் விபூதிப் புதன் கடன் திருநாளுமல்ல. அன்று கடமையாயிருப்பது ஒருசந்தியும் சுத்தபோசனமுமே: 18 வயது நிரம்பினவர்கள் 60-ம் வயது தொடங்கும்வரை ஒருசந்தி, 14 வயது நிரம்பினவர்கள் எல்லாரும் மாம்சம் விலக்கல். நெற்றியில் சாம்பலோடு மத்தியானம் பிரியாணிக் கடையில் நிற்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சாம்பல் நம் இரண்டு சமூகத்தோடு நின்றுவிடவில்லை. இராயபுரத்தில் மேற்கு மாடா கோயில் தெருவில் 1910-ல் கட்டின பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறதை நீங்கள் அறிவீர்கள். பார்சிகளல்லாதார் உள்ளே போவதில்லை. அவர்கள் அணையாத நெருப்புக்குச் சந்தனக் கட்டையைக் காணிக்கையாய்க் கொடுத்து, அந்தச் சாம்பலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளுகிறார்கள். இராயப்பர் பெயரால் அழைக்கப்படும் ஊரில், நடந்து போகும் தூரத்துக்குள், மூன்று வேதத்தாருக்கு மூன்று சாம்பல்! அந்தப் பார்சிகள் ஜெபம் செய்யும்போது ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ளுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஏனென்றால் அடுத்த கேள்வி தலையைப் பற்றியது.

அதே வகுப்பில் ஒரு முஸ்லிம் சிறுமி உண்டு. அந்த வருஷம் ரமலான் நோன்பு மார்ச் 2-ந் தேதி தொடங்கியிருந்தது. அவளும் நோன்போடு, தலையை மூடிக்கொண்டு வந்திருந்தாள். "இந்த வெயில்ல புழுங்கலையா?" என்று நம் சிறுமி ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கோபிக்காமல், "உங்க சிஸ்டருக்குப் புழுங்கலையா?" என்று திருப்பிக் கேட்டாளாம். நம் சிறுமி, "அது சிஸ்டர்களோட யூனிபார்ம்" என்றாளாம். இந்த விடை போதாது.

கன்னியாஸ்திரீகளின் முக்காடு, சர்வேசுரனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததின் அடையாளம். வார்த்தைப்பாடு கொடுக்கும் சடங்கில் அதை வாங்குகிறார்கள். அது சீருடைத் துணியல்ல. உங்கள் பாட்டிமார் பூசைக்கு வரும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வது வேறொரு காரணத்தால். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 11-ம் அதிகாரத்தில், ஜெபிக்கும் பெண் தலையை மூடவும் ஆண் மூடாதிருக்கவும் சொல்லுகிறார். 1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், 1262-ம் இலக்கம், அதையே கோயிலுக்குள் ஒழுங்காக வைத்தது. 1983-ல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. ஆகையால் இன்று மூடுகிறவர்கள் பக்தியால் மூடுகிறார்கள். மூடாதவர்கள் சட்டத்தை மீறவில்லை. பாட்டி பேத்தியைத் திட்டவும் வேண்டாம், பேத்தி பாட்டியைப் பழம்பஞ்சாங்கம் என்று சிரிக்கவும் வேண்டாம்.

முஸ்லிம் பெண்களின் முக்காடு கோயிலுக்குள் மட்டும் உரியதல்ல. குர்ஆன் 24-ம் அத்தியாயம் 31-ம் வசனம், முக்காட்டை மார்பின்மேல் இழுத்து மூடி அடக்கமாய் இருக்கும்படி பெண்களுக்குச் சொல்லுகிறது. ஆகையால் அந்நிய ஆண்கள் இருக்கும் எந்த இடத்திலும் அவர்கள் மூடிக்கொள்ளுகிறார்கள். நம்முடையது ஜெப வேளையைச் சேர்ந்தது, அவர்களுடையது நாள் முழுவதையும் சேர்ந்தது. வயது வந்தபின் தொடங்குவதே முறையென்றாலும், சில வீடுகளில் முன்னதாகவே பழக்குகிறார்கள், சிலர் மூடுவதுமில்லை. "நீ ஏன் மூடலை?" என்று வேறொரு முஸ்லிம் பெண்ணை நம் பிள்ளைகள் கேட்க வேண்டியதில்லை. அது அவள் வீட்டுக் காரியம்.

"கட்டாயமா?" என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2022-ல் கர்நாடகத்தில் பார்த்தோம். வகுப்பில் முக்காடு போடக்கூடாதென்ற உத்தரவின்பேரில் மாணவிகள் வழக்குப் போட்டார்கள். மார்ச் 15-ந் தேதி அங்கத்திய உயர் நீதிமன்றம், அது இஸ்லாமியருக்கு இன்றியமையாத வேதக் கடமையல்லவென்று சொல்லி உத்தரவை நிலைநிறுத்திற்று. அக்டோபர் 13-ந் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அதே அளவுகோலை நம்மேல் வைத்துப் பாருங்கள்: சாம்பல் கட்டாயமில்லை, கழுத்துச் சிலுவை கட்டாயமில்லை, செபமாலை கட்டாயமில்லை, உத்தரியம் கட்டாயமில்லை. கட்டாயமில்லாதவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் உங்கள் பாட்டியின் பக்தியில் என்ன மிஞ்சும்? ஆகையால் தோழியிடம் "கட்டாயமா?" என்று கேட்பதைவிட, "உனக்கு அது என்ன?" என்று கேட்பது நல்லது.

சிலுவையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒன்று மட்டும். "உங்க சாமியைக் கொன்ன ஆயுதத்தை ஏன் கழுத்துல மாட்டிக்கிறீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கிறார்கள். கேட்கிறவன் கேலிக்காகக் கேட்டாலும், கேள்வி சரியானது. சிலுவை உரோமையர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொன்ற கருவிதான். "அவர் எங்களுக்காக அதில் செத்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார், ஆகையால் அது எங்களுக்கு அவமானமாயில்லை" என்று பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகட்டும். "பேய் வராது" என்று சொல்லிப் பழக வேண்டாம். அதைக் கேட்ட தோழன், அடுத்த நாள் தன் கையிலிருக்கும் தாயத்தைக் காட்டி, "எனக்கும் அதுக்குத்தான்" என்பான்; அதற்குமேல் நம் பிள்ளைக்குப் பேச்சிராது.

நம் சிறுவனுடைய காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். அவன் சொல்ல வேண்டியதை வழியிலேயே மனப்பாடம் பண்ணினான். வாசலில் எல்லாம் மறந்துபோயிற்று. "அத்தை, நான் சொன்னது தப்பு. எங்களோடது ஓலைச் சாம்பல். எனக்கு அன்னைக்கு அதுகூடத் தெரியாது" என்றான். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஓலையா? எந்த ஓலை, சாமி?" என்று கேட்டாள். குருத்து ஞாயிறு ஊர்வலம் தன் வீட்டு வாசல் வழியாகப் போவதை இருபது வருஷமாய்ப் பார்த்திருக்கிறாள். அந்த ஓலை என்ன ஆகிறதென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பையன்தான் சொன்னான், நான் நடுவில் பேசவில்லை. உள்ளே தோழன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பங்கு மக்களுக்கு அறிவிப்பு: வீட்டிலுள்ள பழைய குருத்தோலைகளை விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டுவந்து, கோயில் வாசலில் வைத்திருக்கும் கூடையில் போடவும். நூலையும் ரிப்பனையும் வீட்டிலேயே அவிழ்த்துவிடவும். அன்று சாயந்தரம் ஐந்து மணிக்குப் பின்கட்டில் ஓலை எரிக்கும்போது, ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும். தோழர்களை அழைத்து வரலாம். வீட்டில் சொல்லிவிட்டு வரட்டும்.